நாளைக்கு மூன்று வரி

வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்த பின்பும், வேலை நம்மை விட்டுப் போகாதிருத்தலை வாசகர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். உடுப்பை மாற்றுகிறோம், முகத்தைக் கழுவுகிறோம், தேநீரும் வருகிறது. பிள்ளை வந்து பள்ளிக்கூடத்திலே நடந்த ஏதோவொன்றைச் சொல்லுகிறது. நாமும் தலையை ஆட்டுகிறோம். ஆனால் காதில் விழுந்தது மனத்தில் விழவில்லை. மனம் இன்னும் ஆசிரியர் ஓய்வறை மேசையருகே நின்று, திருத்தாத விடைத்தாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.

கல்முனைப் பகுதியிலே ஒரு கல்லூரியில் நாம் வரலாறு கற்பிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளாகின்றன. மாணவரிற் பெரும்பாலார் முஸ்லிம் பிள்ளைகள், நாம் இந்து. சேர் என்றழைத்து அவர்கள் காட்டும் அன்பிலே எமக்கு ஒருநாளும் குறை வந்ததில்லை. குறை எம்மிடத்தில் இருந்தது. அதைச் சொன்னாலன்றி இக்கட்டுரை விளங்காது. ஆதலின் முதலில் அதையே சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எம்மிடம் ஒரு கடதாசியைக் கொண்டுவந்தான். ஒரு நலன்புரி நிதியத்தின் புலமைப்பரிசில் விண்ணப்பம் அது. வகுப்பாசிரியராகிய நாம் பரிந்துரை எழுதி, அதிபரின் கையொப்பத்தைப் பெற்றுக் கொடுக்க வேண்டும். அவனுடைய தாயார் மருதமுனையிலே கைத்தறி நெய்து குடும்பத்தைக் காப்பவர். "நாளைக்கு எழுதித் தருகிறோம்" என்று சொல்லி, கடதாசியைப் பைக்குள் வைத்தோம். அன்றிரவு படுக்கையில் அது நினைவுக்கு வந்தது. மறுநாட் காலையில் மறந்துபோயிற்று. அடுத்த நாளும் இரவிலே நினைவு வந்தது, பகலிலே மறைந்தது. பத்து நாள்களின் பின், விடைத்தாட் கட்டொன்றை அவிழ்த்தபோது, அக்கடதாசி நடுவிலிருந்து விழுந்தது. முடிவுத் தேதி கடந்து மூன்று நாள்களாகியிருந்தன.

அவனை அழைத்துச் சொன்னோம். சற்று நேரம் நிலத்தைப் பார்த்து நின்றவன், "பரவாயில்ல சேர்" என்றான். அந்த இரண்டு சொற்களும் எம்மை வருத்தியது போல, எவருடைய கண்டனமும் வருத்தியதில்லை.

அந்தப் பத்து நாளும் நாம் சோம்பியிருக்கவில்லை என்பதே இதில் விசித்திரம். காலை ஏழு மணி முதல் மாலை வரை உழைத்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் கடிதத்தை நினையாத இரவும் இல்லை. நினைக்க வேண்டிய நேரத்தில் நினையாமல், ஒன்றுஞ் செய்ய இயலாத நேரத்தில் மட்டும் நினைத்தோம். இந்த முடிச்சை அவிழ்க்கும் வழியை எமக்குக் காட்டியவர் படித்த பேராசிரியரல்லர். கல்முனைக் கடைத்தெருவிலே துணி விற்கும் ஒரு முதலாளி.

அவர் எம்மினும் பத்து வயது மூத்தவர். காக்கா என்றே அழைப்போம். ஒருநாள் சாரம் வாங்கப் போனபோது, கடை பூட்டும் வேளையாகிவிட்டது. இஷாத் தொழுகைக்கு முன் பூட்டிவிடுவது அவர் வழக்கம். "இருங்க சேர், அஞ்சு நிமிசம்" என்று எம்மை முக்காலியில் அமர்த்திவிட்டு, அவர் செய்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலிற் காசை எண்ணிக் கட்டினார். பின்பு சட்டைப்பையிலும் மேசையிலும் கிடந்த துண்டுக் கடதாசிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றையும் பார்த்து, சிலவற்றைக் கிழித்தெறிந்தார். சிலவற்றைக் கணக்குக் கொப்பியிலே பதிந்தார். அதன் பின் கொப்பியின் கடைசித் தாளைத் திருப்பி, மூன்று வரி எழுதினார். முதல் வரியிலே குறித்த துணிக்கட்டைத் தட்டிலிருந்து இறக்கி, அளவுகோலையும் கத்தரிக்கோலையும் அதன்மேல் வைத்தார். கொப்பியை மூடி லாச்சிக்குள் தள்ளினார். விளக்கை அணைத்தார். ஷட்டர் இறங்கியது.

"அந்த மூன்று வரியும் என்ன காக்கா?" என்று கேட்டோம்.

"அது நாளைக்கு, சேர். வாப்பா பழக்கித் தந்த பழக்கம். தலைக்குள்ள வெச்சிக்கிட்டுப் போனா, ராவைக்கு நித்திரையும் இல்ல, காலையில ஞாபகமும் இல்ல. கொப்பில எழுதினா, மறுகா அது கொப்பிர பொறுப்பு" என்றார்.

கடையிலிருந்து வீடு வரையும் அந்தச் சொல்லையே எண்ணிக்கொண்டு நடந்தோம். பின்னர் உளநூலார் இதைப்பற்றி என்ன சொல்லுகின்றனர் என்று தேடிப் படித்தபோது, காக்காவின் வாப்பாவுக்கு அவர்கள் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று கண்டோம்.

புளூமா சைகார்னிக் என்ற பெண்மணி, பேர்லின் நகரிலே தாம் செய்த ஆய்வை 1927 இல் வெளியிட்டார். செய்து முடித்த வேலையைக் காட்டிலும், இடையில் நிறுத்தப்பட்ட வேலையே நினைவிலே தங்குகிறது என்பது அவர் கண்டது. பின்வந்த சோதனைகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. ஆயினும் அரைகுறையாக விட்ட காரியம் மனத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் என்பதை அநுபவத்தில் அறியாதார் யார்? அதை நிறுத்துவது எப்படி என்பதே கேள்வி. வேலையை முடித்தாலன்றி நில்லாது என்றால், ஆசிரியனுக்கு ஓய்வே இல்லை. ஏனெனில் ஆசிரியத் தொழிலிலே வேலை ஒருநாளும் முடிவதில்லை.

மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. முடியாத காரியங்களை நினைப்பூட்டிய பின் சிலரிடம் ஒரு கதைப் பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். அவர்களுடைய மனம் கதையில் ஒன்றாமல் அலைந்தது. வேறு சிலரை, அந்தக் காரியத்தை எப்போது, எங்கே, எவ்வாறு செய்யப்போகிறோம் என்று முதலில் திட்டமாக எழுதச் செய்தார்கள். காரியம் அப்போதும் முடியவில்லை. ஆனால் அவர்களுடைய மனம் கதையில் நின்றது. மனம் கேட்பது வேலையின் முடிவையன்று. அதற்கு ஒரு நேரமும் இடமும் குறித்தாயிற்றா என்பதையே என்று இதிலிருந்து விளங்குகிறது.

இன்னுமொன்று. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்திலே ஸ்கலின் என்பாரும் அவர் குழுவினரும் 57 இளைஞரைக் கொண்டு செய்த சோதனை 2018 இல் வெளிவந்தது. படுக்குமுன் ஐந்து நிமிடம், பாதிப்பேர் இனிச் செய்யவேண்டியவற்றை எழுதினர். மற்றையோர் செய்து முடித்தவற்றை எழுதினர். செய்யவேண்டியவற்றை எழுதியவர்களே விரைவில் உறங்கினர். சராசரியாக ஒன்பது நிமிட வித்தியாசம். அவர்களுள்ளும் விபரமாக எழுதியவர் இன்னும் விரைவிலே உறங்கினர். 57 பேர் என்பது சிறிய தொகைதான். சோதனையும் ஓர் இரவுக்குரியது. எனினும், நாளைய வேலையை எழுதினாற் கவலை கூடும் என்று எண்ணியிருந்த எமக்கு, இது மறுபக்கத்தைக் காட்டிற்று.

இனி, நாம் நாள்தோறும் செய்வதைச் சொல்லுகிறோம். மேலதிக வகுப்பு முடிந்து, மாலை நான்கு மணிக்கு ஆசிரியர் ஓய்வறையில் அமருகிறோம். பதினைந்து நிமிடம் போதும். கையிலே ஒரு நாற்பது பக்கக் கொப்பி; வேறொன்றும் வேண்டியதில்லை.

முதல் ஐந்து நிமிடமும் சேர்ப்பதற்கு. சட்டைப்பை, பை, மேசை, கைத்தொலைபேசியில் வந்த செய்திகள், இன்று வாயால் ஒப்புக்கொண்டவை, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் இறக்குகிறோம். இங்கே ஒழுங்கு பார்ப்பதில்லை. அடுத்த ஐந்து நிமிடம் பிரிப்பதற்கு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தேதி, அல்லது ஒருவருடைய பெயர், அல்லது குறுக்குக் கோடு. இம்மூன்றில் ஒன்று விழவேண்டும். ஒன்றுமில்லாமல் எந்த வரியையும் விடுவதில்லை. கடைசி ஐந்து நிமிடத்திலே, நாளைக்கென்று விழுந்தவற்றுள் மூன்றைத் தெரிந்து புதிய பக்கத்தில் எழுதி, முதலாவதற்கு வேண்டிய பொருளை மேசையில் எடுத்து வைக்கிறோம். "இன்றைக்கு இவ்வளவு" என்று மெல்லச் சொல்லிக் கொப்பியை மூடுகிறோம். அருகிலிருக்கும் ஆசிரியர்கள் முதலிற் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள்.

அண்மையில் ஒரு புதன்கிழமை நடந்ததை எடுத்துக்கொள்வோம். அன்று சேர்த்தபோது பதினொரு வரி வந்தது. ஒன்று, நூலகப் புத்தகம் பற்றிய பழைய நினைவு. புத்தகம் முன்னரே திரும்பியிருந்தது, கோடிட்டோம். விளையாட்டுப் போட்டிக்கான பெயர்ப் பட்டியல் எம்முடைய வேலையன்று. உரிய ஆசிரியரின் பெயரைப் போட்டு, அவரிடம் அப்போதே கடதாசியைக் கொடுத்தோம். இன்னும் இரண்டும் இவ்வாறே கழிந்தன. நான்கு வரி அடுத்த கிழமைக்குரியவை, தேதி குறித்தோம். மூன்று எஞ்சின: ஒரு மாணவிக்குக் கடிதம், தரம் 12 இன் விடைத்தாள்கள், தரம் 11 இன் பாடக்குறிப்பு.

விடைத்தாள்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முன்னெல்லாம் "விடைத்தாள் திருத்தல்" என்று எழுதி வைப்போம். அது வேலையன்று, வேலையின் தலைப்பு. தலைப்பைப் பார்த்து எவராலும் வேலை தொடங்க இயலாது. பார்த்த மாத்திரத்திலே சோர்வுதான் வரும். அன்று கணக்குப் பார்த்தோம். 42 விடைத்தாள்; ஒன்றுக்கு ஆறு நிமிடம்; மொத்தம் 252 நிமிடம், அதாவது நான்கு மணித்தியாலத்துக்கு மேல். வியாழக்கிழமை எமக்கு ஓய்வான பாடவேளைகள் இரண்டு, 80 நிமிடம். அதில் அடங்குவது 12 தாள், அதற்கு 72 நிமிடம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகப் பள்ளி முன்னதாகவே கலையும். ஒரு பாடவேளைதான் கிடைக்கும், அதில் 6 தாள். திங்கள் 12, செவ்வாய் 12. ஆக 42. புதன்கிழமைக்கு முன் பிள்ளைகளிடம் கொடுக்க இயலாது.

நாமோ திங்கட்கிழமை தருவதாக வகுப்பிலே சொல்லியிருந்தோம். பழைய வழக்கப்படியாயின், ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த வாக்கு நினைவுக்கு வந்து, நள்ளிரவு வரை விழித்துத் திருத்தி, கடைசிப் பத்துப் பிள்ளைகளுக்குத் தூக்கக் கலக்கத்திலே புள்ளி போட்டிருப்போம். இப்போது வியாழன் காலையிலேயே வகுப்பிலே, "திங்கள் என்று சொன்னது எமது பிழை, புதன்கிழமை தருகிறோம்" என்று சொன்னோம். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், ஆனால் புதன்கிழமை பெற்றுக்கொண்டார்கள்.

இறுதியில் அந்தப் பக்கத்தில் எழுதிய மூன்று வரியும் இவை. "7.10: மாணவியின் கடிதம், இரண்டாம் பந்தியிலிருந்து; 7.30க்கு முன் அதிபர் கையொப்பம்." "மூன்றாம், ஆறாம் பாடவேளை: தரம் 12 விடைத்தாள், மேலிருந்து 12." "மாலை 3.30: தரம் 11 குறிப்பு, முதல் இரண்டு பக்கம்." கடிதத்தின் முதற் பந்தியை அன்று மாலையே எழுதி, பேனாவை அதன்மேல் வைத்தோம். தொடங்கிய வேலையைத் தொடர்வது எளிது. வெறுந்தாளின் முன் அமர்வதே கடினம். காக்கா துணிக்கட்டின்மேல் அளவுகோலை வைத்ததன் பொருள் எமக்கு அப்போதுதான் முழுதாக விளங்கிற்று.

மூன்று என்பது ஏன்? அமெரிக்க நாட்டிலே ஐவி லீ என்பவர், 1918 அளவில், பெத்லஹேம் உருக்காலைத் தலைவர் சுவாப் என்பாருக்கு ஆறு வேலை எழுதச் சொல்லிக்கொடுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதவைச் சாத்திக்கொண்டு இருக்கக்கூடிய அதிகாரிக்கு ஆறு பொருந்தலாம். ஆசிரியனுடைய நாளிலே பெரும்பகுதி நேரசூசிக்குச் சொந்தம். எஞ்சியதில் வராத ஆசிரியருக்குப் பதில் வகுப்பு, பெற்றோர் வருகை, திடீர்க் கூட்டம் என்று பாதி போகும். ஆறு எழுதி மூன்று முடித்தால், மாலையிலே தோற்றவன் போல் வீடு திரும்புகிறோம். மூன்று எழுதி மூன்றும் முடித்து, நான்காவதைத் தொட்டால், அது இலாபம். எழுதும் ஒழுங்குக்கும் எமக்கு ஒரு விதி உண்டு: எவரோ ஒருவர் காத்திருக்கும் வேலை முதல் வரியில் வரவேண்டும். இவ்விதி எங்கிருந்து வந்தது என்று வாசகர் அறிவீர்கள்.

இந்தப் பழக்கம் பிழைத்துப்போகும் இடங்களும் உண்டு. ஒரே வரி மூன்று நாள் தொடர்ந்து வந்தால், அதிலே ஏதோ கோளாறு இருக்கிறது என்று கொள்ளவேண்டும். "இன்ன மாணவனின் தந்தையைச் சந்தித்தல்" என்று ஐந்து நாள் எழுதினோம், நடக்கவில்லை. ஏனென்று பார்த்தால், அவருடைய தொலைபேசி எண்ணே எம்மிடம் இல்லை. ஆறாம் நாள், "அலுவலகப் பதிவேட்டிலிருந்து எண்ணை எடுத்தல்" என்று மாற்றினோம். அது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் தந்தையும் வந்தார். வரி பெரிதாயிருந்தால் உடைக்கவேண்டும். செய்ய அஞ்சுகிறோமாயின் அந்த அச்சத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். உண்மையில் வேண்டாத வேலையாயின் கோடிடவேண்டும்.

மற்றொரு பிழை, பூட்டிய கடையை மீண்டும் திறப்பது. இரவு எட்டு மணிக்கு ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவிலே ஒரு செய்தி வருகிறது. படித்துவிட்டால் மனம் ஓய்வறைக்குத் திரும்பிவிடும். மறுநாட் காலைக்குரிய அவசரமாயின் பதில் சொல்லத்தான் வேண்டும். அப்படியானவை மாதத்தில் ஒன்றிரண்டே. மற்றவற்றை ஒரு துண்டிலே ஒற்றை வரியாக எழுதிப் பைக்குள் போடுகிறோம். மறுநாள் மாலை சேர்க்கும்போது அது சேர்ந்துகொள்ளும்.

இதனாற் செய்ய இயலாததும் ஒன்றுண்டு. வேலையின் அளவை இது குறைப்பதில்லை. தவணை இறுதியிலே நான்கு வகுப்பு விடைத்தாளும் ஒன்றாகக் குவியும்போது, எத்தனை முறை பிரித்தாலும் நேரத்துக்குள் அடங்காது. அடங்காதென்பதைப் புதன்கிழமையே காட்டும், அவ்வளவுதான். அதன்பின் அதிபரிடம் சென்று தேதியைத் தள்ளிக் கேட்பதோ, ஒரு பொறுப்பை வேறொருவரிடம் விடுவதோ வேறு வேலை. மாரி மழையிலே இக்கரை வெள்ளமாகிப் பள்ளி பூட்டினால், எழுதிய மூன்றும் எழுதியபடியே கிடக்கும். பள்ளி திறந்த அன்று அவற்றை மீண்டும் பிரித்துப் பார்க்கவேண்டும். பழைய பக்கத்தை அப்படியே பின்பற்றலாகாது.

நாலேகாலுக்கு நாம் வாயிலைத் தாண்டும்போது, சூரியன் மேற்கே வயல்வெளிப் பக்கம் சாய்ந்துகொண்டிருப்பான். வீட்டுக்குப் போகிறோம். பிள்ளை சொல்வது இப்போது முழுவதும் காதில் விழுகிறது என்று சொல்லமாட்டோம். முன்னிலும் மிகுதியாக விழுகிறது.

அந்தப் புதன்கிழமையின் முதல் வரியைப் பற்றி ஒரு சொல். வியாழன் காலை 7.10க்கு மேசையில் அமர்ந்து, இரண்டாம் பந்தியை எழுதி முடித்தோம். 7.25க்கு அதிபர் கையொப்பமிட்டார். முதற் பாடவேளை தொடங்குமுன் அம்மாணவியை அழைத்துக் கொடுத்தோம். மருதமுனையிலிருந்து வரும் பிள்ளை. முன்பு "பரவாயில்ல சேர்" என்று சொன்னவனுடைய தங்கை. அதே நிதியத்தின் விண்ணப்பந்தான். முடிவுத் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவள் கடதாசியை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்டைக்கே தந்துட்டீங்களா சேர்?" என்று கேட்டாள். அவளுடைய அண்ணன் வீட்டிலே என்ன சொல்லி அனுப்பியிருந்தான் என்று நாம் கேட்கவில்லை.